வலைப்பையில் போட்டும் துணி வீணாகிறதா? அடையாளத்தைப் பார்த்து பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

துணியை வலைப்பையில் போட்டாயிற்று, வாஷிங் மெஷினை டெலிகேட் என்னும் மென்சுற்றில் வைத்தாயிற்று, ஸ்பின்னையும் குறைத்தாயிற்று. அப்படியும் துணி நூல் இழுத்து வந்தால் முதலில் எல்லோரும் திட்டுவது மெஷினைத்தான். பெரும்பாலும் மெஷின் மேல் குற்றம் இருக்காது. இந்த மூன்றும் மூன்று வேறு சேதங்களைத் தடுப்பவை, ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் காரணமாக இருக்கும்.

வலைப்பை உரசலைத் தடுக்கும். மற்ற துணியின் கொக்கி, ஜிப், டிரம்மின் ஓட்டை ஆகியவற்றில் துணி சிக்காமல் காக்கும். மென்சுற்றில் டிரம் கொஞ்ச நேரம் சுற்றி, நீண்ட நேரம் நிற்கும்; பல பிரண்ட் லோடு மெஷின்களில் தண்ணீரும் கூடுதலாக ஏறும். துணி மேலிருந்து விழுந்து அடிபடுவதற்குப் பதில் தண்ணீரில் மிதந்து அலசப்படும். ஸ்பின்னைக் குறைத்தால் பிழியும் விசை குறையும். அதுவும் நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு குறையும். விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நிமிடத்துக்கு 1200 சுற்றிலிருந்து 600-க்கு இறக்கினால் விசை பாதியாகாது, கால் பங்காகும். 400-க்கு இறக்கினால் ஒன்பதில் ஒரு பங்குதான்.

இந்த மூன்றாலும் தடுக்க முடியாதவையும் மூன்று உண்டு: தண்ணீரின் சூடு, சோப்பின் காரம், சாயம் போவது. அவை வலைக்குள்ளும் தாராளமாகப் புகும். ஆகவே துணியில் தெரியும் அடையாளத்தை முதலில் பாருங்கள். எது தவறியது என்று அதுவே சொல்லிவிடும்.

நூல் இழுத்திருக்கிறது, சின்ன ஓட்டை விழுந்திருக்கிறது

முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வலைப்பையில் ஒன்றாகப் போட்ட துணிகளில் ஒன்றில் மட்டும், அதுவும் ஒரு நூல் நீளமாக இழுத்து வளையமாக நின்றால், கூடவே பையில் இருந்த கொக்கிதான் காரணம். சீலைக்குத் துணையாக அதே நிற ஜாக்கெட்டையும் ஒரே பையில் போடுவது நம் வீடுகளில் வழக்கம். ஜாக்கெட்டின் முன்பக்கம் ஐந்தாறு இரும்புக் கொக்கிகள் இருக்கும். பைக்குள் அடைத்தால் ஷிபான் சீலைக்கும் அந்தக் கொக்கிகளுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. வெளியே டிரம்மில் போட்டிருந்தாலாவது அவை எப்போதாவது ஒருமுறைதான் சந்தித்திருக்கும். பைக்குள் முழு நேரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும்.

கொக்கி உள்ள துணியை எல்லாக் கொக்கியும் மாட்டி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, தனிப் பையில் போடுங்கள். பிராவுக்கும் இதே முறைதான். கம்பி வைத்த பிராவாக இருந்தால் நுண்வலை கொண்ட பை கட்டாயம். கம்பி துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து டிரம்மின் ஓட்டை வழியாக வெளித் தொட்டிக்குள் விழுந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் கரகரவென்று சத்தம் கேட்கும். அதை எடுக்க மெக்கானிக் மெஷினைப் பிரிக்க வேண்டிவரும்.

பைக்குள் ஒரே ஒரு துணிதான் இருந்தது, அதிலும் இழுப்பு என்றால் அடுத்த சந்தேகம் பையின் ஜிப் மேல். தரமான பையில் ஜிப் முடியும் இடத்தில் சின்ன எலாஸ்டிக் உறை தைத்திருப்பார்கள். ஜிப்பின் இழுப்பானை அதற்குள் செருகிவிட வேண்டும். செருகாவிட்டால் சுற்றும்போது ஜிப் மெல்லத் திறந்து, துணியின் ஒரு முனை வெளியே வந்து சிக்கும். உறை இல்லாத பை என்றால் ஜிப்பின் முனையை இரண்டு தையல் போட்டு இறுக்கலாம், அல்லது முனையை ஒரு ரப்பர் பேண்டால் சுற்றலாம். ஊக்கு குத்தி வைப்பவர்கள் உண்டு. அது திறந்துகொண்டால் இன்னொரு கொக்கியாகிவிடும், வேண்டாம்.

ஜிப்பும் சரி, கொக்கியும் இல்லை, ஆனாலும் துணியில் பொடிப்பொடியாக இழுப்புகள் நிறைய என்றால் டிரம்மைச் சோதியுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பழைய நைலான் சாக்ஸ் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு டிரம்மின் உள்சுவர் முழுவதும், முக்கியமாக உள்ளே மூன்று பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகளின் இடுக்கிலும், கதவு ரப்பரின் மடிப்பிலும் தடவுங்கள். எங்கே பிசிறு இருக்கிறதோ அங்கே நைலான் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் சிக்குவது ஊக்கு, சேலைப் பின், நாணயம், ஹேர்பின் இவைதான். ஓட்டையில் மாட்டிய ஊக்கை மூக்குக் குறடால் உள்பக்கமாகவே இழுத்து எடுங்கள். வெளிப்பக்கம் தள்ளினால் தொட்டியில் விழுந்துவிடும். டிரம்மே சிராய்த்திருந்தால் நுண்ணிய மணல்தாளால் அந்த ஓர் இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்துச் சமமாக்கலாம். பெரிய வெட்டாக இருந்தால் மென்துணியை அந்த மெஷினில் போடுவதை நிறுத்துங்கள்.

டாப் லோடில் இன்னொரு சங்கதி உண்டு. அடியில் சுழலும் தட்டுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். துணி உலர்ந்த நிலையில் அடியில் கிடந்தால் பிராவின் பட்டையோ துப்பட்டாவின் முனையோ அதில் நுழைந்து முறுக்கிக்கொள்ளும். அதனால் டாப் லோடில் பையை முதலிலேயே போடக்கூடாது. தண்ணீர் பாதிக்கு மேல் ஏறிய பிறகு நிறுத்தி, பையை மிதக்கவிட்டு, மூடி மறுபடி ஓட்டுங்கள்.

ஸ்பின் நேரத்தில் மெஷின் குலுங்குகிறது, அல்லது தண்ணீரோடு நின்றுவிடுகிறது

வலைப்பை பயன்படுத்தும் வீடுகளில் அதிகம் வரும் கோளாறு இதுதான். டிரம் மெதுவாகச் சுற்றும், நிற்கும், எதிர்ப்பக்கம் சுற்றும், மறுபடி நிற்கும். திரையில் மீதி நேரம் பத்து நிமிடம் என்றே நின்றிருக்கும். கடைசியில் சில மெஷின்களில் `UE` என்றும், சிலவற்றில் `Ub` என்றும் எழுத்து வரும். இரண்டுக்கும் பொருள் எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான்.

ஸ்பின்னுக்கு முன் டிரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சுற்றில் ஓடி, துணிகளைச் சுவரெங்கும் சமமாகப் பரப்பப் பார்க்கும். தனித்தனியாகக் கிடக்கும் துணிகள் அதற்குப் பரவிவிடும். ஒரே பையில் அடைத்த துணி பரவாது. எத்தனை முறை சுற்றினாலும் அது ஒரே கட்டியாக ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். மெஷின் பலமுறை முயன்று, முடியாமல் தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்துகிறது. நிறுத்துவது நல்லதுக்குத்தான். அப்படியே வேகம் பிடித்தால் தொட்டியின் தொங்கல் சுருள்களும் பேரிங்கும் அடிவாங்கும்.

முதலில் இது பையால் வந்ததா, மெஷினால் வந்ததா என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாதாரண துணி போடும்போதும் குலுங்கினால் மெஷினின் நான்கு கால்களில் ஒன்று தரையில் படாமல் இருக்கும். எதிரெதிர் மூலைகளைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஆடினால் அந்தக் காலைத் திருகிச் சரிசெய்யுங்கள். புது மெஷினாக இருந்தால் பின்பக்கம் போக்குவரத்துக்காகப் போட்ட போல்ட்டுகளை எடுத்தார்களா என்றும் பாருங்கள். மென்துணிப் பை போடும்போது மட்டும் குலுங்கினால் லோடைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு லோடை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 7 கிலோ பிரண்ட் லோடு மெஷின். துவைக்க வேண்டியவை ஒரு ஜார்ஜெட் சீலை, இரண்டு ரேயான் டாப், பஞ்சு வைத்த இரண்டு பிரா, ஒரு லேஸ் ஜாக்கெட். உலர் எடை ஒன்றரைக் கிலோவுக்குள்தான். எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் அடைத்துப் போட்டதால் ஸ்பின்னில் `UE` வந்து நின்றது. பஞ்சு வைத்த பிரா ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ரேயான் நன்றாக ஊறிக் கனத்திருக்கிறது. ஜார்ஜெட் பாலியெஸ்டர் என்பதால் அதில் தண்ணீர் அதிகம் நிற்காது. ஆகப் பையின் ஒரு மூலையிலேயே பாதி எடை திரண்டுவிட்டது.

இதைச் சரிசெய்ய முதலில் நிறுத்தும் பொத்தானை அழுத்தி, தண்ணீரை வடியவிடும் ஓட்டத்தை மட்டும் வையுங்கள். தண்ணீர் வடியாமல் கதவின் பூட்டு திறக்காது, பலம் போட்டு இழுக்க வேண்டாம். திறந்ததும் துணிகளைப் பிரியுங்கள். சீலை ஒரு பைக்கு. இரண்டு ரேயான் டாப்பும் உள்பக்கம் வெளியாக இன்னொரு பைக்கு. பிராவும் ஜாக்கெட்டும் கொக்கி மாட்டி மூன்றாவது சின்ன நுண்வலைப் பைக்கு. பஞ்சுக் கிண்ணங்களைக் கையால் அழுத்தி நீரை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள், முறுக்க வேண்டாம். பைகளை டிரம்மில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காமல் மூன்று பக்கமாக வையுங்கள். எடை இன்னும் குறைவாகத் தோன்றினால் வெளிர் நிறத்தில், பலமுறை துவைத்துப் பழகிய இரண்டு தலையணை உறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஈரோட்டுத் துண்டைச் சேர்க்கும் பழக்கம் உண்டு, அது பஞ்சு உதிர்க்கும், ஜார்ஜெட் முழுக்க ஒட்டிக்கொள்ளும். ஜீன்ஸையும் எடைக்கென்று போடாதீர்கள். மென்துணிக்கு எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் ஜீன்ஸில் இருக்கிறது.

பிறகு அலசல் ஒன்றையும் 400 சுற்று ஸ்பின்னையும் மட்டும் ஓட்டுங்கள். முழுச் சுற்றையும் முதலிலிருந்து ஓட்டத் தேவையில்லை, துணிக்கு அது இரட்டைத் தேய்மானம்.

அடுத்த முறையிலிருந்து பையின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். துணி போட்ட பிறகு பையில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். அதைவிடத் திணித்தால் தண்ணீர் உள்ளே புகாது, அழுக்கும் போகாது, சோப்பும் போகாது. அதைவிடப் பெரிய பையில் சின்னத் துணியைப் போட்டால் துணி உள்ளேயே உருண்டு கயிறாக முறுக்கிக்கொள்ளும். சீலைக்கு ஏறத்தாழ 40-க்கு 50 சென்டிமீட்டர் பை, உள்ளாடைக்கு அதில் பாதி அளவு. சீலையைச் சுருட்டிப் போடாமல் மடிப்பு மடிப்பாக, பையின் அளவுக்குத் தட்டையாக மடித்துப் போட்டால் உருளாது.

டாப் கழுத்து தொங்குகிறது, நீளம் கூடிவிட்டது

திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் துணிகளில் இந்தப் புகார் நிறைய. துணி நல்ல துணிதான். ஆனால் பலவற்றில் லேபிள் வெட்டியிருக்கும், என்ன நூல் என்று தெரியாமல் பருத்தி என்று நினைத்துத் துவைத்துவிடுகிறோம். தொட்டால் குளுகுளுவென்று, கீழே துவண்டு விழும் டாப்புகள் பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது ரேயான். பருத்தி நனைந்தால் பலம் கூடும். விஸ்கோஸ் அதற்கு நேர் எதிர். நனைந்தவுடன் பாதிப் பலத்தை இழந்துவிடும். அந்த நிலையில் 1000 சுற்றில் பிழிந்தால் துணி தன் எடையாலேயே இழுபடும்.

எந்த நூல் என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. உள்தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். ஈரம் பட்ட இடத்திலேயே எளிதாக அறுந்தால் விஸ்கோஸ். ஈர இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் அறுந்தால் பருத்தி. அறுக்கவே சிரமமாக இருந்து நூல் நீண்டால் பாலியெஸ்டர் கலந்திருக்கும். சந்தேகம் தீர, இன்னொரு நூலை எரித்துப் பார்க்கலாம். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாக உதிர்ந்தால் பருத்தியோ விஸ்கோஸோ. உருகி முனையில் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர். முடி கருகும் வாசனை வந்தால் பட்டு அல்லது கம்பளி.

லேபிள் இருந்தால் வேலை எளிது. தொட்டி படத்தின் கீழ் ஒரு கோடு இருந்தால் மென்சுற்று, இரண்டு கோடு இருந்தால் இன்னும் மென்மையான சுற்று. தொட்டியில் குறுக்குக் கோடு போட்டிருந்தால் தண்ணீரிலேயே போடக் கூடாது. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் துவைக்க வேண்டியது. மெஷினில் கைத்துவைப்புக்கென்று ஒரு சுற்று இருக்கிறதே என்று கேட்பார்கள். பிரண்ட் லோடில் அது பெரும்பாலும் சரிப்படும், டாப் லோடில் துணிந்து சொல்ல முடியாது.

விஸ்கோஸ் டாப்புக்கு 400 சுற்று போதும். ஆனால் சேதத்தில் பெரும்பங்கு துவைத்த பிறகுதான் நடக்கிறது. ஈரத்தோடு தோள்பட்டையில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டால், ஸ்பின் குறைத்ததால் மிச்சமிருக்கும் தண்ணீர் எல்லாம் கீழே இறங்கி, துணியைத் தானே இழுத்து நீட்டிவிடும். இதுதான் குறைந்த ஸ்பின்னின் மறுபக்கம், பலர் கவனிக்காதது. துவைத்ததும் ஒரு பெரிய டர்க்கி டவலின் மேல் துணியை விரித்து, டவலோடு சேர்த்துச் சுருட்டி, மேலே கையால் அழுத்துங்கள். டவல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துணியைத் தட்டையாக விரித்தோ, கொடியின் மேல் நடுவாக மடித்துப் போட்டோ காயவிடுங்கள். ஏற்கெனவே நீண்ட துணியைத் திரும்ப ஈரமாக்கி, தட்டையாக விரித்து, கையால் ஓரத்தை உள்பக்கம் தள்ளி வடிவத்துக்குக் கொண்டுவந்து காயவைத்தால் ஓரளவு சுருங்கும். முழுசாகப் பழைய நிலைக்கு வராது.

கம்பளி வேறு கதை. ஊட்டிக்குப் போகும்போது மட்டும் பீரோவிலிருந்து எடுக்கிற ஸ்வெட்டர் சுருங்கிக் குழந்தைச் சட்டையாவது சூட்டாலும் உரசலாலும்தான், ஸ்பின்னால் அல்ல. கம்பளியைத் தண்ணீரில் ஆட்டுவதுதான் ஆபத்து. பையில் தட்டையாக வைத்து 600 சுற்று வரை பிழியலாம். அப்படிப் பிழிந்தால் சீக்கிரம் காயும், நீளவும் செய்யாது.

சூட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குளிர்நீர் என்று வைத்தால் மெஷின் தண்ணீரைக் குளிர்விக்காது, குழாயில் வருவதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சித்திரை மதியத்தில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கைக்கே சுடும். மென்துணியைக் காலையில், வெயில் ஏறுவதற்கு முன் போட்டுவிடுங்கள்.

வெள்ளைத் திட்டு, பிசுபிசுப்பு, கறுப்புத் துணியில் சாம்பல் படலம்

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவைத் தெருக்களில் இந்தக் குறை அவ்வளவாகக் கேட்பதில்லை. பல்லடம், அவிநாசி, திருப்பூர்ப் பக்கம் போர் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. ஆனால் எல்லாத் திட்டுக்கும் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது, இரண்டு வகை இருக்கிறது. திட்டு விழுந்த இடத்தை வெறும் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நுரைத்துக் கரைந்தால் அது அலசாமல் விட்ட சோப்பு. கரையாமல் அப்படியே நின்று, வினிகர் கலந்த தண்ணீரில் மட்டும் போனால் அது உப்புத் தண்ணீரின் படிவு.

சோப்பு என்றால் காரணம் பை இறுக்கமாக இருந்தது, அல்லது பவுடர் போட்டது. மென்சுற்று நேரம் குறைவு, தண்ணீரும் குளிர்ச்சி. பவுடர் கரைவதற்கு முன்பே சுற்று முடிந்துவிடும். கரையாத துகள் வலைக்குள் புகுந்து மடிப்பில் உட்கார்ந்துவிடும். திரவச் சோப்புக்கு மாறுங்கள். இரண்டு கிலோவுக்குள் மென்துணி என்றால் சுமார் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி போதும். போர் தண்ணீரில் இன்னும் அரைக் கரண்டி கூட்டலாம். பவுடர்தான் இருக்கிறது என்றால் ஒரு மக் வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரைத்து, தெளிந்த பிறகு ஊற்றுங்கள். நுரை அதிகம் வந்தால் நன்றாகத் துவைக்கிறது என்று அர்த்தமில்லை. பிரண்ட் லோடில் நுரை அதிகமானால் துணி நுரையில் வழுக்கி அலசப்படாமல் போகும். கூடுதல் அலசல் பொத்தானை மென்சுற்றில் எப்போதும் போட்டுவிடுங்கள்.

பட்டுக்கும் கம்பளிக்கும் சாதாரண பவுடர் ஆகாது, கலர் கெடும் என்பதற்காக அல்ல. அதன் காரமும், கறைக்காகச் சேர்க்கும் புரத நொதிகளும் பட்டு, கம்பளி நூலையே தின்னும். நூலும் புரதம்தானே. இவற்றுக்கென்று விற்கும் நடுநிலைத் திரவத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

உப்புப் படிவு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, பக்கெட்டில் ஐந்து நிமிடம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஜரிகை உள்ள துணியை இதில் முக்க வேண்டாம். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பக்கெட் ஆற்றுத் தண்ணீரோ குடிதண்ணீரோ எடுத்து வைத்தால் பாதி சிக்கல் தீரும். உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று தெரிய, துணி சோப்புக் கட்டியைச் சீவி, பாட்டிலில் தண்ணீரோடு குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர்போல் திரிந்து மிதந்தால் கடினத் தண்ணீர். டிடர்ஜென்ட் பவுடர் போட்டுச் சோதிக்காதீர்கள், அது கடினத் தண்ணீரிலும் நுரைக்கும்.

ஸ்பின் முடிந்தும் சொட்டச் சொட்ட இருக்கிறது

இது கோளாறே அல்ல, 400 சுற்றில் அப்படித்தான் இருக்கும். ஆனால் பையை எடுக்கும்போது தண்ணீர் ஊற்றுவதுபோல் வழிந்தால், ஸ்பின் நடக்கவே இல்லை. சில மெஷின்களில் மென்சுற்றிலேயே கடைசி அலசலின் தண்ணீரை வடிக்காமல் நிறுத்திவைக்கும் அமைப்பு உண்டு, அது தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கும். அல்லது மேலே சொன்ன எடைச் சாய்வில் மெஷின் ஸ்பின்னைக் கைவிட்டிருக்கும்.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு வேகத்தைக் குறைக்க வழி கிடையாது. ஸ்பின் தொட்டி நிமிடத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் ஓடும். அங்கே நேரத்தைத்தான் குறைக்க முடியும். ஐந்து நிமிடக் குமிழை ஒரு நிமிடத்தில் வைத்து, முப்பது நாற்பது நொடியில் மூடியைத் திறந்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் மோட்டார் நின்று பிரேக் பிடிக்கும். தொட்டி முழுசாக நிற்கும்வரை கையை உள்ளே விடாதீர்கள். பையைத் தொட்டியின் அடியில் வட்டமாகப் பரப்பி வைத்து, மேலே பாதுகாப்புத் தட்டைப் போட்டு அழுத்திய பிறகே ஓட்டுங்கள். டாப் லோடிலும் பல மாடல்களில் வேகம் மாற்ற முடியாது, ஸ்பின் நிமிடத்தை மாற்றலாம். ஒன்று அல்லது இரண்டு நிமிடம் வையுங்கள்.

அழியாத சுருக்கக் கோடுகள்

பாலியெஸ்டர் ஜார்ஜெட்டில் இஸ்திரி போட்டாலும் போகாத கோடுகள் விழுந்தால், சூடான நிலையில் பிழியப்பட்டிருக்கிறது என்று பொருள். பாலியெஸ்டர் சூட்டில் இளகி, அழுத்திய வடிவத்திலேயே இறுகும். குளிர்நீரும் 600 சுற்றும் வைத்தால் வராது. முடிந்தவுடன் பையை எடுத்து உதறிப் போடுங்கள், ஒரு மணி நேரம் டிரம்மிலேயே ஊறவிட்டால் 400 சுற்றிலும் கோடு விழும். விழுந்த கோட்டுக்கு இன்னொரு முறை நனைத்து, பிழியாமல் தொங்கவிட்டு, சற்று ஈரம் இருக்கும்போதே உள்பக்கம் மிதமான சூட்டில் தேய்க்கலாம்.

சாயம் ஏறிவிட்டது

வலைப்பை சாயத்தைத் தடுக்காது. புதுத் துணியைத் துவைப்பதற்கு முன், உள்தையல் ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஏறினால் அது தனியாகத்தான் போக வேண்டும். ஏறிவிட்டால் காயவிடாமல் உடனே குளிர்நீரில் மறுபடி சோப்புப் போட்டு அலசுங்கள். காய்ந்துவிட்டால் எடுப்பது கடினம்.

நெகமம் பருத்திச் சீலையைக் கஞ்சி போட்டுக் கட்டுபவர்கள் அதை மெஷினில் போடுவதில் பயனில்லை. கஞ்சி போய்விடும், பைக்குள் முறுக்கினால் பிழிவுக் கோடு நிற்கும். கோரா பட்டு கலந்த சீலை, ஜரிகை, பசையால் ஒட்டிய கல், வெல்வெட் இவை எந்தப் பைக்கும் எந்தச் சுற்றுக்கும் உரியவை அல்ல. சிறுமுகை மென்பட்டைக் கடைக்காரரே தண்ணீரில் அலசலாம் என்று சொல்லி விற்றிருந்தாலும், அவர் சொன்னது பக்கெட்டைத்தான், டிரம்மை அல்ல.